பதினான்காம் எண் ஸ்லைடு

"சரி மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த மாணவி படியிறங்கிப் போனாள். அவள் வாதாடியிருந்தால் நானும் வாதாடி, அன்றோடு மறந்திருப்பேன். வாதாடவில்லை என்பதால்தான், மும்பையின் ஒரு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பிக்கும் நான், ஒரு மதிப்பெண் விவகாரத்தை இத்தனை மாதங்களாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

முதலாமாண்டு செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டராக, அதாவது பார்த்துப் பெயர் சொல்ல வேண்டிய ஸ்லைடாக, நான் வைத்தது முயலின் சினைப்பை. பாயிண்டரின் நுனி, முட்டையை உள்ளே வைத்து வளர்க்கும் ஒரு ஃபாலிக்கிளைத் தொட்டுக்கொண்டிருந்தது. நடுவில் பெரிய சினைமுட்டை. அதன் உட்கரு தெளிவாகத் தெரிந்தது. முட்டையைச் சுற்றி இளஞ்சிவப்பாகச் சாயமேறிய ஜோனா பெலூசிடா. அதற்கு வெளியே ஏழெட்டு அடுக்குகளாகக் கிரானுலோசா செல்கள். செல்களுக்கு இடையில் எங்கும் குழி இல்லை. என் விடைத்தாளில் "பல அடுக்குப் பிரைமரி ஃபாலிக்கிள்" என்று இருந்தது. பெயருக்கு ஒரு மதிப்பெண், இரண்டு காரணங்களுக்குச் சேர்த்து ஒரு மதிப்பெண். அவள் "செகண்டரி ஃபாலிக்கிள்" என்று எழுதி, காரணங்களாகக் கிரானுலோசா ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்குகளாக இருப்பதையும் ஜோனா பெலூசிடா தெரிவதையும் குறித்திருந்தாள். அந்த இரண்டு காரணங்களும் என் விடைத்தாளில் அப்படியே இருந்தன. ஆகவே காரணத்துக்கு ஒன்று கொடுத்தேன். பெயருக்குச் சுழியம் போட்டேன். காரணம் முழுக்கச் சரியாகவும் அதிலிருந்து வந்த பெயர் முழுக்கத் தவறாகவும் இருக்க முடியுமா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கைப்பெட்டியில் இன்னும் அறுபது தாள்கள் இருந்தன என்பது உண்மைதான். ஆனாலும் அது ஒரு சாக்கு.

ஒரு வாரம் கழித்து மாடிப்படியில் நிறுத்திக் கேட்டாள். அவள் தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண்; வகுப்பில் ஆங்கிலத்திலும் ஆய்வகத்தில் இந்தியிலும் பேசுபவள், என்னிடம் தனியாகப் பேசும்போது மட்டும் தமிழுக்கு வருவாள்.

"மேடம், அந்த ஓவரி ஸ்பாட்டர் பிரைமரியா? நான் படிச்ச புத்தகத்துல கிரானுலோசா ரெண்டு அடுக்கு ஆனாலே செகண்டரின்னு போட்டிருக்கு."

"நம்ம டிபார்ட்மென்ட்ல ஆன்ட்ரம் வந்தாத்தாம்மா செகண்டரி. கிளாஸ்ல சொன்னேனே."

"சரி மேடம்."

அவ்வளவுதான் பேச்சு.

அவள் சொன்ன புத்தகம் தவறானதன்று. இந்தப் பெயர்களில் இரண்டு மரபுகள் உண்டு. நாங்கள் கற்பிக்கும் திசுவியல் மரபில், தட்டையான ஒற்றை அடுக்குச் செல்கள் சூழ்ந்தது பிரைமார்டியல். அச்செல்கள் கனசதுரமானதும் பிரைமரி. அடுக்குகள் பலவானாலும் குழி தோன்றும் வரை அது பிரைமரியே. ஆன்ட்ரம் என்ற திரவக் குழி தோன்றிய பிறகே செகண்டரி. இனப்பெருக்க உயிரியலில் எழுதுபவர்கள் பலர் இரண்டாவது அடுக்கு வந்ததுமே செகண்டரி என்று அழைத்து, குழி வந்ததை ஆன்ட்ரல் அல்லது டெர்ஷியரி என்கிறார்கள். பார்க்கும் பொருள் ஒன்றுதான், கோடு கிழிக்கும் இடம்தான் வேறு. துறையில் ஒரு மரபைத் தேர்ந்தெடுத்துக் கற்பித்துவிட்டால் தேர்விலும் அதையே எதிர்பார்க்கலாம் என்பது என் முதல் சமாதானம். அந்தச் சமாதானம் எனக்கு இன்றும் முழுதாகக் கசக்கவில்லை. இருநூறு பேருக்கு மேல் எழுதும் தேர்வில் ஒவ்வொருவரும் தாம் படித்த புத்தகத்தின் பெயரை எழுதினால் திருத்துபவர் எதை நம்புவது?

ஆனால் அவள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் மாணவி அல்ல என்பது எனக்கு முன்னமே தெரிந்திருந்தது. செய்முறைத் தேர்வன்று காலைதான் வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் அவளிடம், முட்டை தப்பிப்போன தளத்தில் வெட்டப்பட்ட கிராஃபியன் ஃபாலிக்கிளையும், முட்டை வெளியேறியபின் ஃபாலிக்கிள் மாறி உருவாகும், நடுவில் இன்னும் குழி மிஞ்சியிருக்கும் இளம் கார்பஸ் லூட்டியத்தையும் எப்படிப் பிரித்தறிவாய் என்று கேட்டார். இது எளிய கேள்வி அல்ல. முற்றிய ஃபாலிக்கிளின் பெரும்பகுதி குழிதான். முட்டை சுவரின் ஒரு பக்கத்து மேட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலான வெட்டுகளில் அது தெரியவே தெரியாது. முட்டை இல்லையே, அதனால் கார்பஸ் லூட்டியம் என்று எழுதுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார்கள். அவள் சற்று யோசித்துவிட்டு, சுவருக்குள் ரத்த நுண்குழாய்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பேன் என்றாள். ஃபாலிக்கிளில் கிரானுலோசாவை அடித்தளச் சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கிறது. ரத்தக் குழாய்கள் அதற்கு வெளியே, தீக்கா என்ற வெளியுறையோடு நின்றுவிடும். முட்டை வெளியேறிய பிறகு அந்தச் சவ்வு சிதைந்து, குழாய்கள் உள்ளே நுழைகின்றன; சுவர் மடிப்பு மடிப்பாகச் சரிகிறது; சிறிய, நெருக்கமான, கருநீல உட்கருக்கள் கொண்ட கிரானுலோசா செல்கள் பெருத்து, வெளிறி, நுரைத்தாற்போல் ஆகின்றன. இவையனைத்தையும் அவள் வரிசையாகச் சொன்னாள். செல் பெரிதா சிறிதா என்பதை ஒப்பிடப் பக்கத்தில் இன்னொன்று வேண்டும், குழாய் உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதற்கு அது தேவையில்லை என்றும் சேர்த்தாள். அந்தக் கடைசி வாக்கியம் எந்தப் புத்தகத்திலிருந்தும் வந்ததன்று. லென்ஸில் கண் வைத்துப் பார்த்தவருக்கு மட்டுமே அது வரும்.

(இடையில் ஒன்று. முயல் ஸ்லைடில் கார்பஸ் லூட்டியத்தைத் தேடி அலைவது வீண் வேலையாகலாம். முயலுக்கு இணைசேர்ந்தால்தான் முட்டை வெளியேறும். இணைசேராத முயலின் சினைப்பையில் அது இருக்காது. அதற்குப் பதிலாக, வெளிறிய பெரிய செல்கள் இடைத்திசுவில் பரந்து கிடக்கும். அவற்றைக் கார்பஸ் லூட்டியம் என்று காட்டும் மாணவர்களை, அது உருண்டையான எல்லையோடு இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறோம். கார்பஸ் லூட்டியத்துக்கு எங்கள் ஆய்வகத்தில் தனி ஸ்லைடு வைத்திருப்பதும் இதனால்தான்.)

மாடிப்படிப் பேச்சுக்கு மறுநாள் அந்த ஸ்லைடை மறுபடி எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்பதற்கு நேர்மையான விடை, நான் சரி என்று உறுதி செய்துகொள்ளத்தான். அது தொடர் வெட்டுகளில் ஒன்று. மெழுகில் பதித்த ஒரே திசுத் துண்டிலிருந்து 6 மைக்ரான் கனத்தில் வரிசையாக வெட்டி, ஸ்லைடுக்கு ஒன்றாக ஏற்றி எண்ணிட்ட பெட்டி எங்களிடம் உண்டு. தேர்வில் வைத்தது 14. அந்த ஃபாலிக்கிளைக் கண்ணருகு வில்லையில் உள்ள அளவுகோலால் அளந்தபோது குறுக்களவு ஏறத்தாழ 180 மைக்ரான் வந்தது. அப்படியானால் அந்த ஒரே ஃபாலிக்கிள் சுமார் 30 வெட்டுகளில் பரவியிருக்க வேண்டும். மனிதச் சினைப்பையில் குழி முதலில் தோன்றும்போது ஃபாலிக்கிள் 200 மைக்ரான் அளவில் இருக்கும் என்று நானே வகுப்பில் சொல்வேன். முயலுக்கும் மனிதருக்கும் அளவுகளை அப்படியே பொருத்தக் கூடாது என்றாலும், ஏழெட்டு அடுக்குகளைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

15, 16 ஆகியவற்றில் மாற்றமில்லை. 17இல் கிரானுலோசாவின் ஒரு பக்கம் செல்கள் சற்று விலகியிருந்தன. 18இல் ஒரு சிறு குழி, 19இலும் இருந்தது, 20இல் சுருங்கி, 21இல் மறைந்துவிட்டது. நான்கு வெட்டுகள், அதாவது ஏறத்தாழ 24 மைக்ரான். ஆன்ட்ரம் ஒரே குழியாக நடுவில் பிறப்பதில்லை. செல்களுக்கிடையே ஓரமாகச் சிறுசிறு திரவத் தேக்கங்களாகத் தொடங்கிப் பின்னரே ஒன்றுசேர்கிறது. ஆகவே முட்டையின் உட்கரு தெரியும் நடுவெட்டில்கூட அது தப்பிவிடலாம். உட்கரு தெரிந்தால் நடுத்தளத்தில் இருக்கிறோம் என்று நம்பலாம் என்றுதான் நான் கற்பித்து வந்தேன். முட்டையைப் பொறுத்தவரை அது சரி. குழியைப் பொறுத்தவரை, 30 வெட்டுகளில் 26ஐ எடுத்து வைத்திருந்தாலும் நான் "பிரைமரி" என்றே விடை எழுதியிருப்பேன்.

உடனே என் பக்கம் நின்றே யோசித்தேன்: அது குழிதானா, பதப்படுத்தும்போது திசு சுருங்கி விழுந்த கிழிசலா? கிழிசலாக இருந்தால் உள்ளே வெறுமையாக, வெண்மையாக, ஓரங்கள் பிய்ந்தாற்போல் இருக்கும்; பெரும்பாலும் முட்டையை ஒட்டியோ ஃபாலிக்கிளுக்கு வெளியிலோதான் விழும். 18ஐ நாற்பது லென்ஸில் வைத்தேன். ஓரங்கள் வளைந்து ஒழுங்காக இருந்தன. உள்ளே மிக மெல்லிய இளஞ்சிவப்புப் படிவு தெரிந்தது, திரவம் உறைந்து நின்றதன் தடயம். உதவிப் பேராசிரியர் ஒருவரையும் அழைத்து, எதுவும் சொல்லாமல் பார்க்கச் சொன்னேன். "ஏர்லி செகண்டரி" என்றார்.

ஆக, அவள் எழுதிய பெயர் அவளுடைய புத்தகத்தின்படி சரி, எங்கள் துறையின் வரையறைப்படியும் சரி. என் விடைத்தாள்தான் தவறு. ஆனால் 18ஆம் எண் வெட்டை அவள் பார்க்கவில்லை; பார்த்த 14இல் ஆன்ட்ரம் இல்லை; அவள் சொன்ன காரணமும் ஆன்ட்ரம் அல்ல. எங்கள் வரையறையை ஏற்றுக்கொண்டால், காட்டப்பட்ட வெட்டிலிருந்து அந்தப் பெயருக்கு வந்து சேர வழியே கிடையாது. அப்படிப் பார்த்தால் தவறான வழியில் சரியான இடத்துக்குப் போனவள் ஆகிறாள், நான் கொடுத்த சுழியம் நிற்கிறது. மறுநாள் காலையில் இதே வாதம் கேவலமாகத் தெரியும். ஒரு கட்டமைப்பின் பெயரைக் கேட்டேனா, ஒரு வெட்டின் பெயரைக் கேட்டேனா? தாளில் அச்சிட்டிருந்தது "பாயிண்டர் காட்டும் அமைப்பை அடையாளம் காண்க" என்பது. அமைப்பு என்றால் முப்பது வெட்டுகளும் சேர்ந்ததுதானே.

மதிப்பெண் பட்டியல் அதற்குள் கையெழுத்தாகி முத்திரையிடப்பட்டுப் போய்விட்டது. அவள் நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருந்தாள். இந்த ஒன்றால் எதுவும் மாறியிருக்காது. துறைத் தலைவரிடம் சொன்னேன், அடுத்த முறை ஸ்லைடை மாற்றிவிடுங்கள் என்றார். அவளிடம் சொல்லவில்லை. சொல்லலாம் என்று இரண்டு முறை தயாரானேன். முதல் முறை அவள் தோழிகளோடு இருந்தாள். இரண்டாம் முறை தனியாகத்தான் மின்தூக்கிக்கு நின்றாள். வணக்கம் சொல்லி, மருத்துவமனைப் பணி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். ஏழாவது மாடி வருவதற்குள் முடிகிற பேச்சல்ல இது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த ஆண்டுத் தேர்வில் பாயிண்டரை அகலமான ஆன்ட்ரம் உள்ள ஃபாலிக்கிளின் மேல் வைத்துவிட்டேன். அதில் யாருக்கும் ஐயம் வராது. வகுப்புப் பெட்டியில் மட்டும் 14ஐயும் 18ஐயும் அடுத்தடுத்த நுண்ணோக்கிகளில் வைக்கச் சொன்னேன். 18க்குச் சீட்டு எழுதி முடித்த ஆய்வக உதவியாளர், 14க்கு என்ன எழுதுவது என்று கேட்டார். இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்றேன். சீட்டு இல்லாமல் வைக்க அவருக்கு மனம் வரவில்லை போலும். மாலையில் போய்ப் பார்த்தபோது தன் கையெழுத்தில் "சினைப்பை, முயல்" என்று மட்டும் எழுதி ஒட்டியிருந்தார்.