படம் மட்டுமே இருந்த ஸ்லைடுகளுக்குச் சுருக்கம் எழுதிய அனுபவம்

எங்கள் டீமிலிருந்து விலகிப் போன ஒருவர் ஒரு பிரசன்டேஷனை விட்டுச் சென்றிருந்தார். ஆர்டர் எடுக்கும் சர்வீஸ் ஒரு நாள் முற்பகலில் முக்கால் மணி நேரம் திணறிய சம்பவத்தைப் பற்றியது அது. அதைப் படித்து ஒரு பக்கச் சுருக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். திறந்து பார்த்தால் வாக்கியம் என்று ஒன்றுகூட இல்லை. சர்வீஸின் அளவீடுகளைக் கிராஃபாகக் காட்டும் கிராஃபானாவின் ஸ்கிரீன்ஷாட், டெர்மினல் ஸ்கிரீன்ஷாட், பெட்டியும் அம்புக்குறியுமாக ஒரு வரைபடம், இவ்வளவுதான். பேசும்போது வாயால் விளக்கிவிடலாம் என்று நினைத்துச் செய்தது போலிருந்தது. மூலத் தரவைப் போய்ப் பார்க்கவும் வழியில்லை. அந்த அளவீடுகளைச் சேமித்து வைக்கும் பிராமிதியஸ் தானாக 15 நாள் தரவைத்தான் வைத்திருக்கும், எங்கள் இடத்தில் யாரும் அதை மாற்றவில்லை, சம்பவம் நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஆக அந்தப் படங்கள்தான் மிச்சமிருந்த சாட்சி.

இந்தச் சுருக்கத்தை வைத்துத்தான், சர்வீஸ் முன்கூட்டியே திறந்து வைத்துப் பகிர்ந்துகொள்ளும் இணைப்புகளின் தொகுப்பான டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூலைப் பெரிதாக்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் படத்தில் உள்ளது எது, நான் ஊகிப்பது எது, யாருக்குமே தெரியாதது எது என்று ஒவ்வொரு வரியிலும் பிரித்தே எழுதுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

முதலில் ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஸ்லைடில் தெரியும் படம் வேறு, ஃபைலுக்குள் உள்ள படம் வேறாக இருக்கலாம். `.pptx` என்பது உள்ளே ஒரு ஜிப் ஃபைல்தான், பிரித்துவிடலாம்.

```
unzip deck.pptx -d deck
ls deck/ppt/media deck/ppt/notesSlides
```

`notesSlides` ஃபோல்டரில் பேசுபவருக்கான குறிப்புகள் இருக்கும். இதில் அந்த ஃபோல்டரே இல்லை. `media` ஃபோல்டரில் எல்லாப் படங்களும் அசல் அளவில் இருந்தன. எந்தப் படம் எந்த ஸ்லைடுக்கு என்பதை `ppt/slides/_rels` ஃபோல்டரில் உள்ள ஃபைல்கள் சொல்லும். `slide7.xml` என்று பெயர் இருப்பதால் அது ஏழாவது ஸ்லைடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஸ்லைடுகளை முன்பின் நகர்த்தியிருந்தால் எண் பொருந்தாமல் இருக்கலாம், சரியான வரிசை `presentation.xml`-இல்தான் இருக்கிறது.

எனக்குப் பெரிய உதவியாக இருந்தது ஏழாவது ஸ்லைடின் இந்த ஒரு வரி:

```
<a:srcRect t="14000" b="21000"/>
```

படத்தின் மேலிருந்து 14 சதவீதமும் கீழிருந்து 21 சதவீதமும் கிராப் செய்யப்பட்டிருக்கிறது என்று பொருள். பவர்பாயின்ட் கிராப் செய்யும்போது அந்தப் பகுதியை மறைக்க மட்டுமே செய்கிறது, வெட்டிய பகுதியை நீக்கு என்று தனியாகச் சொன்னால்தான் அழிக்கும். அசல் படத்தைத் திறந்தபோது, மறைந்திருந்த மேல் பகுதியில் தேதியும் நேர வரம்பும் இருந்தன, 2024 மார்ச் 14, 10:00 முதல் 13:00 வரை. கீழே எந்த நிறக் கோடு எந்த சர்வீஸ் என்ற விவரம் இருந்தது. ஸ்லைடை மட்டும் பார்த்திருந்தால் இந்த இரண்டுமே தெரியாது என்றுதான் எழுதியிருக்க வேண்டும். இப்படி எடுத்ததைச் சுருக்கத்தில் "ஸ்லைடில் தெரியாது, அசல் படத்தில் உள்ளது" என்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் படிப்பவர் ஸ்லைடைத் திறந்து பார்த்து நாம் கற்பனை செய்துவிட்டோம் என்று நினைப்பார். இன்னொன்று, கிராப் செய்த பகுதியில் வாடிக்கையாளரின் போன் நம்பர் போன்றது இருந்தால் அது மறைப்பதற்காகவே வெட்டப்பட்டிருக்கலாம், அதைச் சுருக்கத்துக்குள் கொண்டு வரக் கூடாது.

நேரம் கிடைத்தது, ஆனால் எந்த ஊர் நேரம் என்று படத்தில் எங்கும் இல்லை. கிராஃபானா தானாக, பார்ப்பவருடைய பிரௌசரின் நேரத்தைக் காட்டும். யாராவது மாற்றி வைத்திருந்தால் உலகப் பொது நேரமான யுடிசியைக் காட்டும். அடுத்த ஸ்லைடில் இருந்த டெர்மினல் ஸ்கிரீன்ஷாட்டில் முதல் பிழை `2024-03-14T05:12:31Z` என்று தொடங்கியது. கடைசியில் உள்ள `Z` யுடிசி என்பதற்கான குறி. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் இந்திய நேரம் 10:42. கிராஃபில் கோடு ஏறத் தொடங்குவதும் 10:40 ஒட்டித்தான். எனவே கிராஃப் இந்திய நேரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். யுடிசி என்று வைத்துக்கொண்டால் பிழை வந்து ஐந்தரை மணி நேரம் கழித்துத்தான் சர்வீஸ் திணறியது என்றாகும், அது பொருந்தவில்லை. ஆனாலும் இது இரண்டு படங்கள் ஒத்துப்போவதால் வந்த முடிவு, படத்தில் எழுதியிருந்தது அல்ல. அப்படியே எழுதினேன்.

ரொம்ப நேரம் என்னைப் பிடித்து வைத்தது அந்தக் கிராஃபின் உச்சிதான். தலைப்பில் p95 என்று இருந்தது, அதாவது நூறு கோரிக்கைகளில் 95 இந்த நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று காட்டும் அளவு. கோடு சட்டென்று ஏறி, சரியாக 10 விநாடியில் போய், ரூல் வைத்துக் கோடு போட்டது போல அரை மணி நேரம் படுத்துக் கிடந்தது, பிறகு இறங்கியது. அவசரத்தில் எழுதுகிறவர் "தாமதம் அதிகபட்சம் 10 விநாடி" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். ஆனால் நெருக்கடியில் இருக்கிற சர்வீஸின் கோடு நடுங்கும், ஏறி இறங்கும், இவ்வளவு தட்டையாக இருக்காது. பிராமிதியஸில் நேரங்களை அப்படியே சேமிக்காமல், இத்தனை விநாடிக்குள் முடிந்தவை இத்தனை என்று பக்கெட் பக்கெட்டாக எண்ணி வைப்பார்கள். நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் அதன் லைப்ரரிகள் பலவற்றில் கடைசி எல்லை 10 விநாடி, அதற்கு மேல் எவ்வளவு ஆனாலும் `+Inf` என்ற ஒரே பக்கெட்டில் விழும். p95 அந்தப் பக்கெட்டில் விழுந்தால் `histogram_quantile` அதற்கு முந்தைய எல்லையைத்தான் பதிலாகத் தரும், அதாவது 10. 11 விநாடி ஆனாலும் 10, 40 விநாடி ஆனாலும் 10.

டெர்மினல் ஸ்கிரீன்ஷாட்டும் இதையே சொன்னது:

```
HikariPool-1 - Connection is not available, request timed out after 30000ms.
```

டேட்டாபேஸ் கனெக்‌ஷனுக்காக மட்டுமே ஒரு கோரிக்கை 30 விநாடி காத்திருந்து கைவிட்டிருக்கிறது. அப்படியானால் 10 விநாடி உச்சமாக இருக்க முடியாது. சர்வீஸின் பழைய சோர்ஸ் கோடைத் தேடிப் பார்த்தேன், சம்பவத்துக்கு முந்தைய கமிட்டில் பக்கெட் எல்லை எதுவும் குறிப்பிடப்படவில்லை, தானாக வருவதுதான். அதனால் இந்த வரியை ஊகம் என்று போடாமல் "சோர்ஸ் கோடு மூலம் சரிபார்த்தது" என்று போட்டேன். அந்த ஸ்லைடின் சுருக்கம் கடைசியில் இப்படி வந்தது:

"ஸ்லைடு 7. 2024 மார்ச் 14 (தேதி அசல் படத்தில் உள்ளது, ஸ்லைடில் வெட்டப்பட்டுள்ளது). ஆர்டர் சர்வீஸின் p95 தாமதம் சுமார் 10:40-க்கு உயர்ந்து சுமார் 11:25-க்கு இறங்குகிறது. நேரங்கள் கண்ணால் அளந்தவை, ஐந்து நிமிடம் முன்பின் இருக்கலாம். இந்திய நேரமாக இருக்க வாய்ப்பு அதிகம், காரணம் ஸ்லைடு 8-இன் பிழை நேரத்துடன் பொருந்துகிறது. 10 விநாடி என்பது அளவீட்டின் எல்லை, சோர்ஸ் கோடு மூலம் சரிபார்த்தது. உண்மையான தாமதம் அதற்கு மேல், எவ்வளவு என்று இந்தப் படத்திலிருந்து சொல்ல முடியாது."

நீளம்தான். ஆனால் "தோராயமாக", "இருக்கலாம்" என்று எல்லா வரியிலும் ஒரே மாதிரி தூவினால் படிப்பவருக்கு எதை நம்புவது என்றே தெரியாது. நேரத்தில் உள்ள சந்தேகம் சின்னது, உச்சத்தில் உள்ளது பெரியது. ஒவ்வொன்றுக்கும் அதன் அளவையும் காரணத்தையும் சொன்னால்தான் அவரால் முடிவெடுக்க முடியும்.

பிழைச் செய்தியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பூலில் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை என்பது மட்டுமே அதில் இருக்கிறது. குவெரி மெதுவாக ஓடியதாலா, எடுத்த கனெக்‌ஷனைச் சர்வீஸ் திருப்பித் தராததாலா, பூலே சின்னதாலா, மூன்றுக்கும் இதே வரிதான் வரும். படத்தில் தெரிந்தது டெர்மினலின் ஒரு திரை அளவு, அதுவும் யாரோ தேர்ந்தெடுத்து எடுத்த திரை. இப்படி எத்தனை பிழைகள் வந்தன என்பது தெரியாது. "பூல் போதவில்லை" என்று எழுதியிருந்தால் அடுத்த வாரமே அதை இரட்டிப்பாக்கியிருப்பார்கள். "கனெக்‌ஷன் தீர்ந்திருக்கிறது, ஏன் என்பது இந்த ஸ்லைடுகளில் இல்லை" என்று எழுதினேன்.

ஒன்பதாவது ஸ்லைடு வரைபடம். சர்வீஸ், முதன்மை டேட்டாபேஸ், அதன் நகலாக இருந்து வாசிப்புகளை ஏற்கும் ரெப்ளிகா என்று மூன்று பெட்டிகள். சர்வீஸிலிருந்து ரெப்ளிகாவுக்குப் போகும் அம்பின் மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. அந்த இணைப்பு அறுந்தது என்றும் படிக்கலாம், இனி அதைப் பயன்படுத்தாதீர்கள் என்ற பரிந்துரையாகவும் படிக்கலாம், நாங்களே கழற்றினோம் என்றும் இருக்கலாம். எந்த விளக்கக் குறிப்பும் இல்லை, அசல் ஃபைலிலும் இல்லை. வரைபடத்தைப் பொறுத்தவரை படம் தெளிவாக இருப்பதால் பொருளும் தெளிவாக இருப்பது போல ஒரு எண்ணம் வரும், ஸ்கிரீன்ஷாட்டை விட எனக்கு இதில்தான் பயம் அதிகம்.

டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் படத்தைக் காட்டினேன். "அது அறுந்து போகலப்பா, அந்த வாரம் மெயின்டனன்ஸுக்காக ரெப்ளிகாவை நாங்கதான் கழட்டி வச்சிருந்தோம்" என்றார். "பிரச்சினை வர்றதுக்கு முன்னாடியே கழட்டியாச்சாக்கா, இல்ல அதுக்கப்புறமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முன்னாடின்னுதான் ஞாபகம். ஆனா ஞாபகத்தை வச்சு எழுதாத, டிக்கெட்டைத் தேடித் தர்றேன்" என்றார்.

முன்னாடி என்றால் வாசிப்புகள் எல்லாம் முதன்மை டேட்டாபேஸ் மேல் விழுந்து அது மெதுவாகி, கனெக்‌ஷன்கள் நீண்ட நேரம் பிடிபட்டிருக்கலாம். பின்னாடி என்றால் அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அவ்வளவு கனமான விஷயம் என்பதால் அந்த வரியை "டேட்டாபேஸ் குழுவின் நினைவிலிருந்து, பதிவு இன்னும் பார்க்கவில்லை" என்ற அடையாளத்தோடு வைத்து அனுப்பினேன். யாரிடம் எதைக் கேட்டால் தெளியும் என்பதையும் பக்கத்திலேயே எழுதினேன்: கழற்றிய நேரத்துக்கு டிக்கெட், மெதுவான குவெரிகளுக்கு டேட்டாபேஸின் லாக், இருந்தால்.

படித்த மேனேஜர் முதலில் கேட்டது அந்த டிக்கெட்டைத்தான், பூலைப் பற்றிய பேச்சை அது வரும் வரை தள்ளி வைத்தார். இரண்டொரு நாளில் டிக்கெட் கிடைத்தது, ரெப்ளிகாவைக் கழற்றியது முந்தைய நாள் இரவு. அந்த வரியிலிருந்து "நினைவிலிருந்து" என்பதை எடுத்துவிட்டு டிக்கெட்டின் எண்ணைப் போட்டேன். குவெரி லாக் அழிந்துவிட்டது என்று பதில் வந்ததால், கனெக்‌ஷன் ஏன் தீர்ந்தது என்பதற்கு ரெப்ளிகா கழற்றியது ஒரு சாத்தியமான காரணம், நிரூபிக்க இனி வழியில்லை என்று எழுதி முடித்தேன்.