இரும்புச்சத்துக் குறைவு: பெரிட்டின் பரிசோதனைக்கு வந்து சேர்வதற்குள்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எந்நேரமும் களைப்பாக இருக்கிறது, முகம் வெளிறிப் போய்விட்டது என்று ஒரு பெண் வைத்தியரிடம் சொன்னால், அவர் முதலில் கேட்க வேண்டியவற்றுள் ஒன்று மாதவிடாய் எப்படிப் போகிறது என்பது. நான் போன முதலாவது இடத்தில் அதைக் கேட்கவேயில்லை. அதனால் பல மாதங்கள் வீணாகின. அந்த ஆற்றாமை இன்னும் தீராத நிலையில்தான் இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் என்னைப்போல் அலையும் பெண்களுக்கு இதிலுள்ள ஒன்றிரண்டு விடயங்களாவது பயன்பட வேண்டும்.

நான் ஆசிரியை, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, வகுப்பு மேல்மாடியில். படிக்கட்டின் நடுவில் கைபிடியைப் பற்றிக்கொண்டு நின்று, நெஞ்சு படபடப்பு அடங்கிய பிறகே மீதிப் படிகளில் ஏற முடிந்தது. இன்னொன்றும் நடந்தது. சமைக்க எடுத்த பச்சையரிசியில் ஒரு பிடியை வாயில் போட்டு மெல்லாமல் இருக்க முடியவில்லை. அரிசி, ஐஸ்கட்டி, மண் போன்றவற்றின் மீது இப்படி அடங்காத ஆசை எழுவது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறிகளுள் ஒன்று என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். மாதவிடாயின் முதல் மூன்று நாட்களில் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாட் நனைந்துவிடும். இரவில் எழுந்து மாற்ற வேண்டும். பெரிய கட்டிகளும் போகும். ஒன்றிரண்டு மணிக்கொரு தடவை மாற்ற வேண்டியிருப்பதும், ஏழு நாட்களுக்கு மேல் நீடிப்பதும், இரண்டரை சென்ரிமீற்றரை விடப் பெரிய கட்டிகள் போவதும் அதிக இரத்தப்போக்கின் அடையாளங்கள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் இப்படித்தான் என்று அம்மா சொல்வதைக் கேட்டே வளர்ந்தவர்கள் இவற்றை ஒரு தடவை நிதானமாக வாசிக்க வேண்டும்.

முதலில் பார்த்த வைத்தியர் ஈ.சி.ஜி. எடுத்தார், சீனி பார்த்தார், முழு இரத்தப் பரிசோதனையும் செய்வித்தார். ஹீமோகுளோபின் 11.4 என்று வந்தது. "பெரிசாக் குறையேல்லை, களைப்புக்கு விற்றமின் எழுதிறன்" என்று சொல்லி அனுப்பினார். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே அது குருதிச்சோகைதான். அதைவிட முக்கியமான செய்தி அதே தாளில் சில வரிகள் கீழே இருந்தது. எம்.சி.வி. என்ற இடத்தில் 74 என்று அச்சாகி, பக்கத்தில் குறைவு என்பதற்கான குறியும் இடப்பட்டிருந்தது. செங்குருதிக் கலங்களின் சராசரிப் பருமனைக் காட்டும் அந்த எண் 80க்குக் கீழே போனால், கலங்கள் சிறுத்துவிட்டன என்று பொருள். இரும்புச்சத்துக் குறைவோ பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறோ இருக்கலாம் என்று அது சொல்கிறது. எதுவென்று பார்க்க அடுத்த பரிசோதனை வேண்டும். அது எழுதப்படவில்லை. உங்கள் கையில் தாள் வரும்போது ஹீமோகுளோபினோடு நிறுத்தாமல் இந்த வரியையும் பாருங்கள். குறைந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

விற்றமினை விழுங்கிக்கொண்டு மாதங்கள் போயின. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்த குடும்பநல உத்தியோகத்தர்தான் என் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்து, "அக்கா, இது விற்றமின்ர வேலையில்லை" என்றார். எத்தனை பாட், எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகும்படியும் அவரே சொன்னார். அந்தத் தாளை இரண்டாவது வைத்தியரின் மேசையில் வைத்தபோது, வாயால் சொல்லக் கூச்சப்பட்டதெல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. அப்போது ஹீமோகுளோபின் 8.7. அவர் பெரிட்டின் பரிசோதனைக்கு எழுதித் தந்தார்.

அடுத்த அலைச்சல் இங்கே தொடங்கியது. நான் போன அரச மருத்துவமனையில் அந்தப் பரிசோதனையை வெளியே செய்துகொண்டு வரச் சொன்னார்கள். தனியார் ஆய்வுகூடமொன்றில் துண்டைக் கொடுத்தேன்; காசு கட்டினேன்; மறுநாள் பெறுபேற்றை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். வைத்தியர் அதைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இது சீரம் அயன். நான் கேட்டது பெரிட்டின்" என்றார். திரும்பிப் போய்க் கேட்டபோது, முன்மேசையில் இருந்தவர் இரண்டும் ஒன்றுதான் என்று சாதித்தார். இரண்டும் ஒன்றல்ல. சீரம் அயன் என்பது அந்த நேரத்தில் இரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவு. காலைக்கும் மாலைக்கும் மாறும், முதல் நாள் விழுங்கிய மாத்திரையாலும் கூடும். உடம்பின் சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டுவது பெரிட்டின். ஆகவே காசு கட்டுமுன் பற்றுச்சீட்டில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள். காய்ச்சலோ வேறு தொற்றோ இருக்கும்போது பெரிட்டின் தானாகவே உயர்ந்து, குறைவை மறைத்துவிடும். அப்படியானால் சுகமான பிறகு செய்வதே நல்லது.

இரண்டாவது தடவை கட்டிய காசுக்கு வந்த விடை 5. பதினைந்துக்குக் கீழே என்றால் சேமிப்பு வற்றிவிட்டது என்பதில் ஐயமில்லை. முப்பதுக்குக் கீழே இருந்தாலே பல வைத்தியர்கள் குறைவு என்று கொள்வார்கள். இத்தனை மாதமும் நான் சோம்பேறி இல்லை என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்ததுபோல் இருந்தது.

மாத்திரை கிடைத்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்தேன். மருந்துக் கவுண்டரில் இரண்டு உறைகள் தந்தார்கள். ஒன்றில் 200 மில்லிகிராம் பெரஸ் சல்பேற்று, மற்றதில் கல்சியம். இரண்டிலும் எழுதியிருந்தது ஒரே வரி: காலை 1, இரவு 1. சேர்த்துப் போடலாமா, எதோடு போடுவது என்ற எந்த விபரமும் இல்லை. கேட்பதற்கும் பின்னால் நின்ற வரிசை இடம் தரவில்லை. எங்கள் வீடுகளில் காலை என்றால் தேநீர். கல்சியமும் தேநீரும் பாலும் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன என்பது அந்த உறையில் எழுதப்பட்டிருக்க வேண்டிய விடயம். அதற்குமேல் குமட்டலும் மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டன. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.1தான். மாத்திரை ஒழுங்காக உறிஞ்சப்பட்டால் மூன்று நான்கு வாரங்களில் ஏறத்தாழ 2 அலகு உயர வேண்டும். உயரவில்லையென்றால் எங்கேயோ தடை இருக்கிறது என்று பொருள்.

வைத்தியர் முறையை மாற்றினார். ஒன்று விட்ட ஒரு நாள், ஒரு நேரம், ஒரேயொரு மாத்திரை, வெறும் வயிற்றில், அரைத் தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு, தேநீர் குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து, கல்சியம் இரவில். குறைத்துத் தந்தால் எப்படிக் கூடும் என்று கேட்டேன். ஒரு மாத்திரை போட்டவுடன் ஈரல் ஹெப்சிடின் என்ற ஓமோனைச் சுரந்து, ஏறத்தாழ ஒரு நாளுக்குக் குடலின் கதவைச் சாத்திவைக்கும். அந்த நேரத்தில் போடுவதில் பெரும்பகுதி வயிற்றைக் குழப்பிவிட்டு வெளியே போய்விடும் என்று விளக்கினார். குமட்டல் அடங்கியது. மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். தைரொயிட் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டுக்கும் இடையில் நான்கு மணி நேரமாவது விட வேண்டும்.

முருங்கையிலை வறை, பீற்றூட், மாதுளை என்று உறவினர் கொண்டுவந்த அனைத்தையும் அன்போடு சாப்பிட்டேன். ஆனால் இலைகளிலுள்ள இரும்பில் சிறுபகுதியே உடம்பில் சேரும். ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றிலுள்ளது கூடுதலாகச் சேரும். 8.7 என்ற நிலையில் எந்த உணவாலும் தனியாக மீட்க முடியாது.

பிறகு ஹீமோகுளோபின் 10.6 வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்ற சந்தேகப் பார்வையை எதிர்பார்த்துப் போனேன். வைத்தியரோ என் தாளின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் ஏறத்தாழ 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு மாதவிடாயில் 150 மில்லிலீற்றர் இரத்தம் போனால், என் அளவில் அதில் ஏறத்தாழ 16 கிராம் ஹீமோகுளோபின்; அதாவது 54 மில்லிகிராம் இரும்பு. தோலாலும் குடலாலும் இயல்பாக நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் அளவில் போகிறது. ஆக, மாதம் 84. நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம் உறிஞ்சினால்தான் இருக்கிற இடத்திலாவது நிற்கலாம். சாதாரண உணவிலிருந்து உடம்பு ஒரு நாளில் எடுப்பது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். "ஓட்டையை அடைக்காமல் வாளியை நிரப்பேலாது ரீச்சர்" என்று சொல்லி, அன்றே பெண்நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் தந்தார்.

ஸ்கான் அன்று, சொன்னபடி தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். என் முறை வந்தபோது, கிளினிக் கொப்பி போதாது, கடிதத்தின் மூலப்பிரதி வேண்டும் என்று எழுதுவினைஞர் திருப்பி அனுப்பினார். அது கிளினிக் கோப்பில் கோத்து வைக்கப்பட்டிருந்தது. எந்தக் கடிதத்தையும் கொடுக்குமுன் போட்டோப்பிரதி எடுத்து, ஸ்கானுக்கு மூலப்பிரதி வேண்டுமா என்று திகதி போடும்போதே கேட்டுவிடுங்கள். அடுத்த திகதியில் ஸ்கான் முடிந்தது: கருப்பைச் சுவரில் பைபுரொயிட் என்ற புற்றில்லாத சிறிய தசைக்கட்டி ஒன்று, உட்குழியை அது நெருக்கவில்லை.

இரத்தப்போக்கு உள்ள நாட்களில் மட்டும், நான்கு நாள் வரை, போக்கைக் குறைக்கும் ட்ரனெக்ஸாமிக் அசிட் மாத்திரையை ஒரு கிராம் வீதம் மூன்று வேளை எடுக்கச் சொன்னார்கள். காலின் இரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி வந்தவர்களுக்கு இது ஆகாது. ஆகவே கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். முதல் மாதமே இரவில் எழும்பாமல் தூங்கினேன். ஹோமோன் சுரக்கும் வளையத்தைக் கருப்பையில் வைப்பது பற்றியும் பேசியிருக்கிறார்கள். போக்கை அது இன்னும் நன்றாகக் குறைக்கும் என்பதால் அதற்குச் சம்மதித்துத் திகதிக்காகக் காத்திருக்கிறேன்.

இப்போது ஹீமோகுளோபின் 12.3, பெரிட்டின் 22. பச்சையரிசி ஆசை முற்றாகப் போய்விட்டது. மேல்மாடிக்கு ஒரே மூச்சில் ஏறுகிறேன். ஆனாலும் மாத்திரையை நிறுத்தவில்லை. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்புவதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் தொடர வேண்டும். 12ஐக் கண்டவுடன் நிறுத்தினால் சில மாதங்களில் பழைய இடத்துக்கே வரலாம். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு நொந்தாலோ, மயங்கி விழுந்தாலோ, ஒரு மணிக்கொரு பாட் என்று மணிக்கணக்காகப் போனாலோ கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரே போய்விடுங்கள். போகும்போது பழைய இரத்தப் பெறுபேறுகளையும் கையோடு கொண்டுபோங்கள்.