கையெழுத்துக்கு முன் ஆஃபர் லெட்டரையும் ஒப்பந்தத்தையும் ஒப்பிடுங்கள்

அக்கா மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. ஆஃபர் லெட்டரில் வருடத்துக்கு 6 லட்சம், ஆறு மாதம் புரொபேஷன், 30 நாள் நோட்டீஸ். பிறகு வந்த ஒப்பந்தத்திலும் அதே 6 லட்சம்தான். ஆனால் இணைப்பிலிருந்த சம்பளப் பட்டியலில் அதில் 60,000 ரூபாய், மாதாமாதம் உறுதியாக வராத வேரியபிள் பே ஆகியிருந்தது. மாதம் 50,000 என்று நினைத்தது, பிடித்தங்களுக்கு முன்பே 45,000.

புரொபேஷனில் ஒரு வரி கூடியிருந்தது: ‘எழுத்துப்பூர்வமாக உறுதிசெய்யும் வரை தொடரும்’. அப்படியென்றால் ஆறு மாதம் முடிந்ததும் தானாக நிரந்தரமாகாது. நோட்டீஸ் அவன் விலகினால் 90 நாள், நிறுவனம் நீக்கினால் 30. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கடைசிப் பக்கத்தை அவசியம் படியுங்கள். ‘முந்தைய கடிதங்கள் அனைத்துக்கும் பதிலாக இந்த ஒப்பந்தமே செல்லும்’ என்று பெரும்பாலும் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டபின் ஆஃபர் லெட்டரைக் காட்டி வாதாடுவது ரொம்பக் கடினம்.

போனில் கேட்டதற்கு, ‘அது பொதுவான ஃபார்மேட், கவலைப்படாதீங்க’ என்றார் எச்.ஆர். சரி, மாறிய மூன்று இடங்களையும் பக்க எண்ணோடு மெயிலில் எழுதி, திருத்திய ஒப்பந்தம் கேட்டோம். சம்பளமும் நோட்டீஸும் சரியாகி வந்தன. புரொபேஷன் வரி மட்டும் மாறவில்லை. ஆறாவது மாதக் கடைசியில் உறுதிக் கடிதம் கேட்டு மெயில் அனுப்ப இப்போதே காலண்டரில் குறித்துவிட்டான்.