க்யூவ எடுத்துட்டு ஸ்டாக் வெச்சா அது டிஎஃப்எஸ் ஆகிடுமா? பேப்பர்ல போட்டுப் பார்த்தேன்

பிஎஃப்எஸ் கோட்ல க்யூவுக்குப் பதிலா ஸ்டாக் மாத்துனா டிஎஃப்எஸ் வந்துடும்னு எல்லாரும் சொல்றாங்கல்ல, அது எவ்ளோ தூரம் உண்மைன்னு பார்க்க ஒரு குட்டி கிராஃப் வரைஞ்சு கையாலயே ஓட்டிப் பார்த்தேன்.

```
A: B C D
B: A D E
C: A
D: A B
E: B
```

முதல்ல க்யூ. ஒரு நோடை உள்ள போடும்போதே விசிட்டட்னு டிக் அடிச்சுடணும். A வெளிய வந்ததும் க்யூல B C D. அடுத்து B வெளிய வருது, அதோட பக்கத்துல இருக்கிற A, D ரெண்டுக்கும் ஏற்கனவே டிக் இருக்கு, E மட்டும் புதுசு, அதனால C D E. மிச்சத்துல புதுசா எதுவும் இல்ல. வரிசை A B C D E. B, C, D மூணும் A-ல இருந்து 1 எட்டு, E 2 எட்டு, கிட்ட இருக்கிறது முடிஞ்சப்புறம்தான் தூரத்துல இருக்கிறது வருது.

இப்ப வேற எதையும் தொடாம, முன்னாடி எடுக்கிறத மட்டும் பின்னாடி எடுக்கிற மாதிரி மாத்துனேன், அதாவது `popleft()` இருந்த இடத்துல `pop()`. A வெளிய வந்ததும் ஸ்டாக் B C D, மேல D இருக்கு. D-ய எடுத்தா அதோட பக்கத்து B-க்கு ஏற்கனவே டிக் விழுந்திருக்கு, அதனால எதுவும் உள்ள போகல. அப்புறம் C, அப்புறம் B, கடைசியா E. வரிசை A D C B E.

இது டிஎஃப்எஸ்ஸே இல்லங்க! D-க்கு வந்தப்போ B-க்கு இன்னும் யாரும் போகவே இல்ல, D-ல இருந்து B-க்கு நேர் வழியும் இருக்கு, அப்ப ஆழமா போறதுன்னா அடுத்தது B-தான வரணும், நடுவுல C எப்படி வந்துச்சு? A எல்லாத்தையும் முன்கூட்டியே டிக் அடிச்சு வெச்சதாலதான். உங்க அவுட்புட் சரியான்னு பார்க்கவும் இதே கேள்விதான்: ஒரு நோடுக்குப் போகாத பக்கத்து நோடு இருக்கும்போதே வேற பக்கம் தாவுதா?

சரி பண்ண, டிக் அடிக்கிறத வெளிய எடுக்கும்போதுன்னு மாத்தணும், ஏற்கனவே டிக் ஆனது மறுபடி வந்தா கண்டுக்காம விட்டுடணும். A எடுத்ததும் B C D. D எடுத்ததும் B மறுபடி உள்ள போய் B C B. மேல இருக்கிற B-ய எடுத்தா E போகுது, B C E. அப்புறம் E, C, கடைசியா அடியில கிடக்கிற பழைய B, அத விட்டுடலாம். A D B E C. இப்பதான் நிஜ டிஎஃப்எஸ்.

இதுக்கு ஒரு விலை இருக்கு, ஒரே நோடு ஸ்டாக்ல பல தடவ கிடக்கும், அதனால ஸ்டாக் நோடு எண்ணிக்கையத் தாண்டி எட்ஜ் எண்ணிக்கை அளவுக்குக் கூட வளரலாம். அப்புறம் E-க்கு இங்க A, D, B வழியா 3 எட்டுல போயிருக்கு, நிஜமா 2 எட்டு போதும், அதனால குறைஞ்ச தூரம் வேணும்னா க்யூ பக்கமே இருந்துக்கோங்க. ரிகர்சன்ல எழுதுற டிஎஃப்எஸ் இதே கிராஃபுக்கு A B D E C தரும், ஸ்டாக்லயும் அதே வரணும்னா பக்கத்து நோடுகள D, C, B-ன்னு தலைகீழா உள்ள தள்ளுனா போதும்.