ஆட்சேபம் எழுதப்போய் விடையைப் புரிந்துகொண்ட கதை

நெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாதிரித் தேர்வில், வேலையில் மனிதர்களுக்கு எது ஊக்கம் தருகிறது என்று ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க்கைப் பற்றி இந்தக் கேள்வி வந்தது: “ஹெர்ஸ்பெர்க்கின் கோட்பாட்டின்படி, ஒரு நிறுவனம் சம்பளத்தையும் பணியிட வசதிகளையும் மேம்படுத்தினால் என்ன நடக்கும்?”

அ) வேலைத் திருப்தி கூடும்
ஆ) அதிருப்தி குறையும்
இ) அதிருப்தி நீங்கித் திருப்தி உண்டாகும்
ஈ) ஊழியர்களின் ஊக்கம் உயரும்

நான் ‘இ’ போட்டேன். விடைக்குறிப்பில் ‘ஆ’ என்றிருந்தது. எனக்குச் சமாதானம் ஆகவில்லை. ‘ஆ’ சொல்வதெல்லாம் ‘இ’க்குள்ளேயே இருக்கிறதே, அப்படியானால் ‘இ’தானே முழுமையான விடை? பயிற்சி மையத்தில் ஆட்சேபம் எழுதித் தரலாம், ஆனால் ஆதாரத்தோடு தர வேண்டும். சரி என்று கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து, 1968-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் ஹெர்ஸ்பெர்க் எழுதிய கட்டுரையை எடுத்தேன். கையேட்டில் சம்பளம், மேற்பார்வை, நிறுவனக் கொள்கை, வேலைப் பாதுகாப்பு எல்லாம் ஹைஜீன் என்றும், சாதனை, பாராட்டு, பொறுப்பு, முன்னேற்றம் எல்லாம் மோட்டிவேட்டர் என்றும் இரண்டு பட்டியலாக மனப்பாடம் செய்திருந்தேன். அந்தப் பட்டியல்களில் இல்லாத ஒரு விஷயம் கட்டுரையில் இருந்தது.

திருப்திக்கு எதிர்ப்பதம் அதிருப்தி அல்ல என்கிறார் அவர். திருப்தியின் எதிர்முனை ‘திருப்தி இல்லாத நிலை’. அதிருப்தியின் எதிர்முனை ‘அதிருப்தி இல்லாத நிலை’. இரண்டும் தனித்தனிக் கோடுகள்.

தமிழில் படிக்கிறவர்களுக்கு இது இன்னும் வழுக்கும் இடம். ‘அ’ என்ற ஓரெழுத்தைச் சேர்த்தாலே சொல் தலைகீழாகிவிடுகிறது: நீதி, அநீதி, திருப்தி, அதிருப்தி. அதனால் ஒன்று போனால் மற்றது வந்துவிடும் என்று மனசு தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. நான் ‘இ’யைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணமே இல்லை.

இரண்டு கோடுகளையும் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தேன். மேலே உள்ளது அதிருப்தியில் தொடங்கி அதிருப்தியின்மையில் முடிகிறது. கீழே உள்ளது திருப்தியின்மையில் தொடங்கித் திருப்தியில் முடிகிறது. சம்பளமும் மின்விசிறியும் கழிப்பறையும் மேல் கோட்டில் மட்டும்தான் ஆளை நகர்த்தும். அதன் கடைசிப் புள்ளி வரை கொண்டுபோய் விட்டாலும் அவர் கீழ்க் கோட்டில் இருந்த இடத்தில்தான் இருப்பார். கீழ்க் கோட்டில் ஆளை நகர்த்துபவை மோட்டிவேட்டர்கள்தான். ஹைஜீன் என்ற பெயரே மருத்துவத்திலிருந்து வந்தது. குடிநீரைச் சுத்தமாக வைத்தால் காலரா வராது. ஆனால் அந்தத் தண்ணீர் யாரையும் பயில்வான் ஆக்காது.

இப்போது கேள்விக்குத் திரும்பினேன். ‘அ’, ‘ஈ’ இரண்டும் கீழ்க் கோட்டைப் பற்றிப் பேசுகின்றன, அதனால் அடிபடுகின்றன. ‘இ’யின் முதல் பாதி சரி. பிற்பாதி, ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குத் தாவுகிறது. ஹெர்ஸ்பெர்க் மறுத்ததே அந்தத் தாவலைத்தான். ஆக ‘இ’ என்பது ‘ஆ’வின் விரிவு அல்ல, ‘ஆ’வோடு ஒரு தவறையும் சேர்த்துக் கட்டிய விடை. ஆட்சேபத் தாளை எழுதாமலே மடித்து வைத்தேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருந்தது. சம்பளம் உயர்ந்தால் மனிதர்கள் சந்தோஷப்படத்தானே செய்கிறார்கள்? அதே கட்டுரை 12 ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறது: திருப்தி தந்த காரணிகளில் 81 சதவீதம்தான் மோட்டிவேட்டர்கள், அதிருப்தி தந்தவற்றில் 69 சதவீதம்தான் ஹைஜீன். மீதியெல்லாம் கோடு மாறி நிற்பவை. அதாவது தரவு அவ்வளவு கறாராகப் பிரியவில்லை, கோட்பாடுதான் பிரிக்கிறது. அதனால் கேள்வியில் ‘ஹெர்ஸ்பெர்க்கின் கோட்பாட்டின்படி’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது முக்கியம். அவை இல்லாமல் ‘சம்பள உயர்வு திருப்தி தருமா?’ என்று மட்டும் கேட்டால், ‘ஆ’வுக்காக நானே வாதாட மாட்டேன்.

அப்புறம் ஒரு வாரம் பழைய கேள்விகளையெல்லாம் அந்த இரண்டு கோடுகள் வரைந்த தாளை வைத்தே போட்டுப் பார்த்தேன். ‘மோட்டிவேட்டர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும்?’ என்ற கேள்வியில், முன்பு கண்ணை மூடிக்கொண்டு ‘அதிருப்தி’ என்று போட்டிருப்பேன். அது கீழ்க் கோட்டைப் பற்றிய கேள்வி, அதன் இடது முனையில் இருப்பது ‘திருப்தியின்மை’. பதவி உயர்வும் அந்தஸ்தும் அடுத்தடுத்த தெரிவுகளாக வந்த இடத்திலும் தயங்கவில்லை. பதவி உயர்வு முன்னேற்றம், அதனால் மோட்டிவேட்டர். அந்தஸ்தை ஹெர்ஸ்பெர்க் ஹைஜீன் பக்கம்தான் வைத்திருக்கிறார். தனி அறையும் பெயர்ப்பலகையும் கிடைக்காதவருக்குக் குறை இருக்கும். கிடைத்துவிட்டால் அந்தக் குறை தீரும், அவ்வளவுதான்.