1,500 பேர் கேன்டீனுக்கு கேஸ் பேங்க் மாற்றிய அனுபவம்

ஓசூரில் நான் பராமரிப்பு பார்க்கும் தொழிற்சாலையின் கேன்டீனில் மூன்று ஷிப்டுக்கும் சமையல் நடக்கும். டிசம்பர் வந்தாலே மாஸ்டரிடமிருந்து ஒரே புகார்தான்: "சார், அடுப்பு எரியுது, சூடு ஏறல." காலை நாலரைக்கு அடுப்பு பற்ற வைத்தால் ஐந்தரை மணிக்கெல்லாம் தீ குட்டையாகிவிடும். அப்போது கேஸ் பேங்கில், அதாவது இரண்டு பக்கமாக இணைத்து வைத்த சிலிண்டர் வரிசையில், மறுபக்கத்துக்கு மாற்றி, பாதியில் நின்ற சிலிண்டர்களைக் கழற்றி அனுப்பிவிடுவார்கள்.

அப்படிக் கழற்றிய ஒன்றைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன். காலி எடை சிலிண்டரிலேயே அடித்திருக்கும். அதைக் கழித்தால் உள்ளே இன்னும் 6 கிலோ கேஸ் இருந்தது. ஆறு சிலிண்டருக்கும் கணக்குப் பார்த்தால் காசு கொடுத்து வாங்கியதில் 30 கிலோவுக்கு மேல் அப்படியே திரும்பிப் போகிறது. காலியாகாத சிலிண்டரில் தீ குறைகிறது என்றால் குறை இருப்பில் இல்லை, ஆவியாகும் வேகத்தில்தான்.

பழைய அமைப்பில் 19 கிலோ சிலிண்டர்கள் பக்கத்துக்கு 6 வீதம் இரண்டு பக்கமும் இருந்தன. ஒரு நாள் செலவு 80 கிலோ, ஒரு பக்கத்தில் 114 கிலோ. இருப்புக் கணக்கு சரிதான். ஆனால் காலை நெருக்கடியில் இட்லிக்கும் சாதத்துக்குமான ஸ்டீம் பாய்லர் மணிக்கு 5 கிலோ, நான்கு பெரிய அடுப்புகள் ஒன்றரை வீதம் 6 கிலோ, தோசைக்கல் 1 கிலோ என மொத்தம் 12 கிலோ எரிகிறது. அதாவது ஒரு சிலிண்டர் மணிக்கு 2 கிலோ ஆவி தர வேண்டும். அந்தக் குளிரில் தொடர்ந்து எடுத்தால் 19 கிலோ சிலிண்டர் தாக்குப்பிடிப்பது அரை கிலோ அளவில்தான்.

ஒரு கிலோ திரவம் ஆவியாக சுமார் 370 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அது சிலிண்டரின் சுவர் வழியே வெளிக்காற்றிலிருந்து வர வேண்டும், அதுவும் திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர்ப் பரப்பு வழியாக. போதாத வெப்பத்தைத் திரவம் தன்னிடமிருந்தே எடுத்துக்கொண்டு குளிர்ந்துபோகும். கணக்குப் போட்டால், முழு சிலிண்டரின் வெப்பநிலை மணிக்குப் பத்து டிகிரி அளவுக்கும், பாதி காலியானதில் பதினெட்டு டிகிரி அளவுக்கும் இறங்குகிறது. காலையில் காற்றே 16 டிகிரிதான். ஒரு மணி நேரத்தில் பூஜ்யத்துக்கு அருகே வந்துவிடும். புரோப்பேன் முன்னதாகவே ஆவியாகிப் போயிருக்க, மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். பூஜ்யம் டிகிரியில் அதற்கு ரெகுலேட்டரைத் தள்ளும் அழுத்தமே கிடையாது. வெளியே பார்த்தால், திரவ மட்டம் வரைக்கும் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். அந்தக் கோடு எங்கே நிற்கிறதோ அங்கேதான் மட்டம். வெந்நீர் ஊற்றும் பழக்கத்தை முதல் வேலையாக நிறுத்தினேன். அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்பது நம் கையில் இருக்காது.

சிலிண்டரைக் கூட்டினால் போதாதா என்று நிர்வாகம் கேட்டது. 12 கிலோவுக்கு ஒரு பக்கம் 24, இரு பக்கமும் 48 சிலிண்டர். 900 கிலோவுக்கு மேல் இருப்பு! நாளுக்கு 80 கிலோ எரிக்கும் இடத்தில் அவ்வளவைக் குவித்து வைப்பது தேவையில்லாத ஆபத்து.

அதனால் திரவமாகவே எடுக்கும் 47.5 கிலோ எல்.ஓ.டி. சிலிண்டர்களுக்கும், அந்தத் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் வேப்பரைசருக்கும் போனோம். இப்போது வெப்பத்தை வேப்பரைசரின் வெந்நீர்த் தொட்டி தருகிறது. சிலிண்டர் இருப்பை மட்டும் பார்த்தால் போதும். பக்கத்துக்கு நான்கு என்றால் 190 கிலோ, இரண்டு நாளுக்கு மேல் வரும். ஒரு நாள் லோடு வராவிட்டாலும் சமாளிக்கலாம். மொத்தம் 380 கிலோ. 100 கிலோவைத் தாண்டுவதால் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் உரிமம் வேண்டும். ஷெட், இடைவெளி எல்லாம் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 6044 முதல் பகுதிப்படி அமைத்தோம்.

வேப்பரைசரை மணிக்கு 30 கிலோ திறனில் வாங்கினோம். இங்கே கஞ்சத்தனம் கூடாது. திறனுக்கு மேல் இழுத்தால் ஆவியாகாத திரவம் குழாயில் தாவும். திரவம் ஆவியானால் சுமார் 250 மடங்கு விரியும், அடுப்பில் தீ சீறிவிடும். ரெகுலேட்டர் உடம்பில் பனி படிந்தால் அதுதான் முதல் அறிகுறி. திரவத்தைத் தடுக்கும் மிதவை அடைப்பும், தண்ணீர் சூடு குறைந்தால் லைனை மூடும் வால்வும் இல்லாத வேப்பரைசரை வாங்கவே வேண்டாம். அழுத்தத்தையும் வேப்பரைசரை ஒட்டியே குறைத்துவிட வேண்டும். உயர் அழுத்தத்தில் நீண்ட குழாயில் விட்டால் குளிர்ந்த காலையில் ஆவி மறுபடி திரவமாகிவிடும்.

கரன்ட் போனால் வேப்பரைசர் நின்றுவிடும். அதற்காக அதை ஜெனரேட்டர் லைனில் போட்டதோடு, ஆவியாக எடுக்கும் சாதாரண 19 கிலோ சிலிண்டர் இரண்டைத் தனி வால்வோடு வைத்திருக்கிறோம். அதில் தோசைக்கல் ஓடும். பாய்லரைத் திறந்தால் பழைய கதைதான் என்று மாஸ்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.