லாபம் 7 லட்சம், பேங்கில் 80 ஆயிரம்

கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். ஒரு கோப்பு கைக்கு வந்ததும், முந்தைய ஆண்டின் பேலன்ஸ் ஷீட் உள்ளே இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். இந்த ஆண்டின் தாள் மட்டும் இருந்தால் அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. ஆண்டின் கடைசி நாளன்று தொழிலுக்கு என்ன இருந்தது, யாருக்கு எவ்வளவு தர வேண்டியிருந்தது என்பதை மட்டுமே பேலன்ஸ் ஷீட் காட்டும். இரண்டு ஆண்டுகளின் தாள்களை அருகருகே வைத்து, நடுவில் லாப நஷ்டக் கணக்கை வைத்தால்தான் அந்த ஒரு வருடத்தில் பணம் எந்தப் பக்கம் போனது என்று புரியும்.

தொழில் நடத்துபவர்களில் பலர் இந்தத் தாள்களில் இரண்டே வரிகளைத்தான் பார்க்கிறார்கள்: நிகர லாபம், கட்ட வேண்டிய வரி. ஆடிட்டர் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதையே கடன் விண்ணப்பத்தோடு இணைத்துவிடுகிறார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் அட்டைப்பெட்டி செய்யும் சிறிய பட்டறை வைத்திருந்தார். இரண்டாவது இயந்திரம் வாங்க 8 லட்சம் கடன் கேட்டிருந்தார். கோப்பைப் பற்றிப் பேச வந்தவர் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "சார், 7 லட்சம் லாபம்னு போட்டிருக்கு. பேங்க்ல 80 ஆயிரம்தான் இருக்கு. மீதி எங்க போச்சு?"

இதைவிட நல்ல கேள்வியை அந்த மேசையில் நான் கேட்டதில்லை. அவருடைய எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கி இங்கே தருகிறேன்.

லாப நஷ்டக் கணக்கில் விற்பனை 60 லட்சம். அட்டையும் மற்ற மூலப்பொருளும் 38 லட்சத்துக்கு வாங்கியிருந்தார். ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த சரக்கு 6 லட்சம், முடிவில் இருந்தது 9 லட்சம். ஆக, அந்த ஆண்டில் தீர்ந்த சரக்கு 35 லட்சம். கூலி 10 லட்சம் போக மொத்த லாபம் 15 லட்சம். வாடகை, மின்சாரம் முதலான செலவு 5 லட்சம், பழைய கடனுக்கு வட்டி 1.2 லட்சம், இயந்திரத் தேய்மானம் 1.8 லட்சம். இதெல்லாம் கழிந்து நிகர லாபம் 7 லட்சம். கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை.

இனி இந்த 7 லட்சத்தின் பின்னாலேயே போக வேண்டும். தேய்மானம் என்பது அந்த ஆண்டில் யாருக்கும் கொடுத்த பணமில்லை. ஏற்கெனவே வாங்கிய இயந்திரத்தின் விலையில் ஒரு பங்கை இந்த ஆண்டின் செலவாக எழுதுகிறார்கள், அவ்வளவுதான். அதைத் திரும்பச் சேர்த்தால் 8.8 லட்சம். இப்போது இரண்டு பேலன்ஸ் ஷீட்டையும் பார்த்தோம். சரக்கு 6-லிருந்து 9 லட்சமாகியிருந்தது. 3 லட்சம் அட்டையாகவும் பெட்டியாகவும் குடோனில் நிற்கிறது. வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி 7-லிருந்து 11 லட்சம். அங்கே 4 லட்சம். மிஞ்சுவது 1.8 லட்சம். பழைய கடனில் அசலாக 2 லட்சம் கட்டியிருந்தார். வீட்டுச் செலவு, பிள்ளைகள் படிப்பு, அவருடைய வருமான வரி எல்லாவற்றுக்குமாகத் தொழிலிலிருந்து எடுத்தது 5 லட்சம்.

இங்கே அவர் நிறுத்தினார். "அசல் கட்டினது செலவுல வரலையே சார்?" வராது. லாப நஷ்டக் கணக்கில் வட்டி மட்டும்தான் வரும். அசலைக் கட்டினால் பேலன்ஸ் ஷீட்டில் கடன் குறையும், அவ்வளவே. சொந்தத்துக்கு எடுத்ததும் அப்படித்தான். தனி உரிமையாளர் தொழிலில் அது செலவாக வராமல் மூலதனத்திலிருந்து கழியும். அவருடைய மூலதனம் 13 லட்சமாக இருந்தது. 7 லட்சம் லாபம் சேர்ந்து, 5 லட்சம் எடுத்தது போக 15 லட்சமாகியிருந்தது. லாபத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்த 2 லட்சமும் 5 லட்சமும் படவே படாது.

கையில் 1.8 லட்சம் இருக்கும்போது, இந்த இரண்டுமாக 7 லட்சம் எப்படி வெளியே போனது? அட்டை வியாபாரிகளுக்குத் தர வேண்டிய பாக்கி 4-லிருந்து 8 லட்சமாகியிருந்தது. அவர்கள் பொறுத்துக்கொண்ட 4 லட்சம்தான் ஆண்டை ஓட்டியிருக்கிறது. அதற்கும் மேல் பேங்கில் இருந்த 2 லட்சத்தில் 1.2 லட்சம் கரைந்து, 80 ஆயிரம் நின்றது. கணக்கு பைசா பிசகாமல் நேரானது. 38 லட்சம் கொள்முதலுக்கு 8 லட்சம் பாக்கி என்றால், சராசரியாக 77 நாள் கழித்துத்தான் வியாபாரிகளுக்குப் பணம் போகிறது. முந்தைய ஆண்டு இது 44 நாளாக இருந்தது. எந்த வியாபாரியும் ஒரு கட்டத்தில் சரக்கை நிறுத்திவிடுவார்.

அடுத்து எனக்கு உறுத்தியது இறுதிச் சரக்கு. முந்தைய ஆண்டில் நூறு விற்றால் மொத்த லாபம் 21 ஆக இருந்தது. இந்த ஆண்டு 25. விலை ஏற்றினீர்களா என்று கேட்டேன், இல்லை. அட்டை மலிந்ததா, அதுவும் இல்லை. விலையும் மாறாமல் வாங்கும் செலவும் குறையாமல் லாப விகிதம் மட்டும் இப்படி ஏறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சரக்கு இருப்பைத்தான். அந்த ஓர் எண் மட்டும் எந்த பில்லிலிருந்தும் வருவதில்லை. யாரோ எண்ணி, விலை போட்டு எழுதித் தருவது. அது ஒரு லட்சம் கூடினால் லாபமும் அப்படியே ஒரு லட்சம் கூடும்.

சரக்குப் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னேன். நான்காவது பக்கத்தில் விஷயம் இருந்தது. ஒரு வாடிக்கையாளரின் அளவுக்கென்றே வெட்டி, அவர் பெயரையும் அச்சடித்த அட்டை, 2 லட்சம் மதிப்பில். அந்த வாடிக்கையாளர் பெட்டியின் அளவை மாற்றி ஏழு மாதம் ஆகியிருந்தது. இனி அதைப் பழைய காகிதமாகத்தான் போட முடியும். சரக்கை வாங்கிய விலை, இப்போது விற்றால் கிடைக்கும் தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதில்தான் எழுத வேண்டும் என்பது கணக்கியலின் அடிப்படை விதி. காகித விலை சொற்பம்தான். அதை விட்டுவிட்டுப் பார்த்தால் சரக்கு 7 லட்சம், நிகர லாபம் 5 லட்சம், மொத்த லாப விகிதம் 22-க்குப் பக்கத்தில், அதாவது வழக்கமான இடத்தில். பேங்கில் இருந்த 80 ஆயிரம் மட்டும் அப்படியே இருந்தது.

இதில் யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை என்று உறுதியாகச் சொல்வேன். கணக்கு எழுதுபவர் பட்டியல் கேட்டார், குடோனில் இருந்த பையன் இருந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தான். ஆனால் இல்லாத 2 லட்சம் லாபத்துக்குப் பட்டறைக்காரர் வரியும் கட்டியிருந்தார். அதுதான் எனக்கு மனது கஷ்டமாக இருந்தது. திருத்திய ரிட்டர்ன் கொடுக்க இன்னும் கால அவகாசம் இருந்ததால் ஆடிட்டரிடம் போகச் சொன்னேன். விட்டிருந்தால், இந்த 9 லட்சமே அடுத்த ஆண்டின் தொடக்கச் சரக்காகி, அந்த ஆண்டின் லாபத்தை அடித்திருக்கும்.

சரி, கடன் கொடுப்பவர் இதை எப்படிப் பார்ப்பார்? லாபம், தேய்மானம், வட்டி மூன்றையும் கூட்டி, ஓராண்டில் கட்ட வேண்டிய அசலாலும் வட்டியாலும் வகுப்பார். பழைய கடனுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம், கேட்ட புதுக் கடனுக்குச் சுமார் 2.5 லட்சம், ஆக 5.7 லட்சம் கட்ட வேண்டும். திருத்திய லாபத்தில் 5, 1.8, 1.2 சேர்த்தால் 8 லட்சம். வகுத்தால் 1.4. காகிதத்தில் மோசமில்லை. ஆனால் அந்த 8 லட்சத்திலிருந்துதான் குடும்பமும் சாப்பிட வேண்டும். 5 லட்சத்தை எடுத்துவிட்டால் 3 லட்சம்தான் மிச்சம். பழைய தவணைக்கே பற்றாது. சிறு தொழிலில் உரிமையாளர் எடுப்பதைக் கழிக்காமல் இந்த விகிதத்தைப் போடுவது எனக்கு ஒருநாளும் சம்மதமாக இருந்ததில்லை.

வருமான வரி ரிட்டர்னை எதற்கு இணைக்கச் சொல்கிறார்கள் என்றும் அவர் கேட்டார். லாபம் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். தேய்மான விகிதம் வரிச் சட்டத்தில் வேறாக இருக்கலாம், சில செலவுகளை வரிக்கு ஏற்க மாட்டார்கள், அதனால் கொஞ்சம் வித்தியாசம் வரும். அது ஒவ்வொன்றுக்கும் விளக்கம் இருந்தால் போதும். விளக்கமில்லாத வித்தியாசம் வந்தால், வரிக்கு ஒரு கணக்கும் கடனுக்கு ஒரு கணக்குமா என்ற கேள்வி உடனே எழும். அப்புறம் பேங்க் ஸ்டேட்மென்ட். 60 லட்சம் விற்று, பாக்கி 4 லட்சம் கூடியிருந்தால், வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த பணம் 56 லட்சத்தை ஒட்டி இருக்க வேண்டும், வசூலித்த விற்பனை வரி அதற்கு மேல். அவருடையது ஒத்துப்போனது. அதனால் விற்பனை உண்மை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்த 11 லட்சம் பாக்கியைப் பில் தேதிவாரியாகப் பிரித்துத் தரச் சொன்னேன். 3 லட்சம் ஒரே ஆளிடம், எட்டு மாதத்துக்கு மேல். பெட்டி அளவை மாற்றியவரேதான் அவர். செத்த சரக்கும் வராத பாக்கியும் ஒரே பெயரில் வந்து நின்றதும், பட்டறைக்காரருக்கு இயந்திரம் போதாமல் போகவில்லை, ஒரு வாடிக்கையாளரிடம் 5 லட்சம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. விண்ணப்பத்தை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். பாக்கியை மாதத் தவணையாகத் தர அந்த வாடிக்கையாளரை எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்தார். வந்த பணம் நேரே அட்டை வியாபாரிகளுக்குப் போனது. அடுத்த ஆண்டு 4 லட்சத்துக்கு, பழைய இயந்திரம் ஒன்று வாங்க, மறுபடி விண்ணப்பித்தார். இந்த முறை இரண்டு ஆண்டுகளின் பேலன்ஸ் ஷீட், தேதிவாரிப் பாக்கிப் பட்டியல், அவரே எண்ணிக் கையெழுத்திட்ட சரக்குப் பட்டியல், வீட்டுக்கு எடுத்ததின் மாதக் கணக்கு எல்லாம் யாரும் கேட்காமலே உள்ளே இருந்தன. கடன் கிடைத்தது.